கடைசி ஐந்து மில்லிகிராம்: ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் இவ்வளவு மெதுவாகக் குறைக்கிறார்கள்?

கேள்வி: "அம்மாவுக்கு 67 வயது. தோள், இடுப்பு இறுக்கத்துக்கு (பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்றார்கள்) பிரட்னிசோலோன் 15 மி.கி.யில் ஆரம்பித்து எட்டு மாதமாக எடுக்கிறார். இப்போது 7 மி.கி. வலி சுத்தமாக இல்லை. ஆனால் சர்க்கரை ஏறிவிட்டது, எலும்பு தேயும், எதிர்ப்புசக்தி போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அப்படியிருக்க ஏன் மாதத்துக்கு 1 மி.கி. என்று இழுக்கிறார்கள்? இப்போதே நிறுத்தினால் என்ன?"

இப்போதே நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்ப்போம். மூட்டு, தசை நோய்களுக்கு ஸ்டீராய்டு எழுதுவதும், எழுதியதைத் திரும்ப இறக்குவதும்தான் இருபது வருடங்களாக என் வேலை. எழுதுவது எளிது. 15 மி.கி. கொடுத்தால், மூன்று நாளுக்கு முன்பு கையைத் தூக்கித் தலைவார முடியாதவர் தானே எழுந்து நடந்து வருவார். இறக்குவதில்தான் பொறுமை போகிறது, மருத்துவருக்கும் சரி, நோயாளிக்கும் சரி.

பொறுமை போனால் என்ன ஆகும் என்பதை ஒருவரிடம் பார்த்தேன். ஐம்பதுகளில் இருந்த மனிதர், முடக்குவாதத்துக்காகப் பதினான்கு மாதங்கள் தினமும் 10 மி.கி. எடுத்து வந்தார். முகம் உப்பிப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டார். முதல் வாரம் மூட்டு கொஞ்சம் வலித்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆளை ஏமாற்றுவதே அந்த முதல் வாரம்தான். இரண்டாவது வாரத்தில் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டியது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வீட்டில் அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். அப்புறம் இரண்டு நாள் உண்மையாகவே வயிற்றுப்போக்கு வந்தது. மயங்கி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிரஷர் 80/50, சர்க்கரை 61, ரத்தத்தில் சோடியம் 126. இரண்டு பாட்டில் சலைன் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று பணியில் இருந்த மருத்துவர் கேட்டபோது, அவர் மனைவி பையைத் துழாவிப் பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 100 மி.கி. நரம்பில் போட்டார்கள். சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடக் கேட்டார். ஊசிக்கு முன் எடுத்திருந்த ரத்தத்தில் கார்டிசோல் அளவு 1.8 என்று மறுநாள் வந்தது. உடல் அவ்வளவு நெருக்கடியில் இருக்கும்போது அது பல மடங்கு அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த 1.8 எப்படி வந்தது என்பதில் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பிரட்னிசோலோன் இதன் செயற்கை அண்ணன், நான்கு மடங்கு பலசாலி. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மிதவை இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி மோட்டார் ஓடும், நிறைந்தால் நின்றுவிடும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியும் அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸும் சேர்ந்து அந்த மிதவை, அட்ரீனல்தான் மோட்டார். நாம் தினமும் வெளியிலிருந்து குழாய் போட்டுத் தொட்டியை நிரப்புகிறோம். மிதவை மேலேயே நிற்கிறது, மோட்டார் ஓடுவதே இல்லை. நாலு நாள் ஓடாத மோட்டார் சுவிட்சைப் போட்டதும் ஓடும். எட்டு மாதம் ஓடாதது இறுகிப்போயிருக்கும். அட்ரீனலும் அப்படித்தான், தூண்டும் ஆள் இல்லாமல் நிஜமாகவே சுருங்கிப்போகிறது. திரும்ப எழும்போதும் முதலில் மூளையிலிருந்து வரும் தூண்டுதல் சரியாகிறது, சுரப்பி அதற்கு அப்புறம்தான் விழிக்கிறது. இதற்குச் சிலருக்கு வாரங்கள் போதும், சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. முடக்குவாதத்துக்கு முதன்முதலில் கார்டிசோன் கொடுத்தது 1948-இல். அடுத்த நான்கே வருடங்களில், 1952-இல், கார்டிசோன் எடுத்துவந்த நோயாளி அறுவைசிகிச்சைக்குப் பின் இதே காரணத்தால் சரிந்துபோனது மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

மீதிப் பாதி அளவுக் கணக்கில் இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசோல், ஏறத்தாழ 4 முதல் 5 மி.கி. பிரட்னிசோலோனுக்குச் சமம். அதனால் அம்மாவின் மாத்திரையை இரண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். 15-இலிருந்து 5 வரை இருப்பது நோய்க்காகக் கொடுத்த உபரி. 5-க்குக் கீழே இருப்பது அவருடைய சொந்தச் சுரப்பி செய்ய வேண்டிய, இப்போது செய்யாமல் இருக்கிற வேலை. மேல் பாதியைக் குறைக்கும்போது நாங்கள் நோயைப் பார்த்துக் குறைக்கிறோம், கீழ்ப் பாதியில் சுரப்பியைப் பார்த்து. இதனால்தான் பெரிய அளவிலிருந்து வேகமாக இறங்கி, கீழே வர வர நத்தை ஆகிவிடுகிறோம். அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். வழக்கமான திட்டத்தில் 15 மி.கி. மூன்று வாரம், 12.5 மூன்று வாரம், 10 நான்கு முதல் ஆறு வாரம், அதற்குப் பிறகு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை 1 மி.கி. குறைப்பு. எட்டு மாதத்தில் 7-க்கு வந்திருந்தால் ஒழுங்காக இறங்கியிருக்கிறார். 7-இலிருந்து பூஜ்ஜியத்துக்கு ஒரே நாளில் போவது வெறும் ஏழு மில்லிகிராமைக் குறைப்பது போலத் தெரியும். உண்மையில் சுரப்பி விழிக்கும் முன்பே அதன் முழு வேலையையும் ஒரே நாளில் அதன் தலையில் கட்டுகிறீர்கள்.

இதில் எது உறுதி, எது அனுபவக் கணக்கு என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் உடலின் தேவையைத் தாண்டிய அளவில் எடுத்தவரிடம் சுரப்பி உறங்கியிருக்கலாம், திடீரென நிறுத்துவது ஆபத்து என்பது உறுதி. அதைவிடக் குறுகிய காலம், ஒரு வாரமோ பத்து நாளோ எடுத்தவருக்குச் சுரப்பியை நினைத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை என்பதும் ஏறத்தாழ உறுதி. மாதத்துக்குச் சரியாக 1 மி.கி. என்பது அப்படியல்ல. வேறு எந்த வேகத்தையும்விட இதுதான் சிறந்தது என்று நிரூபித்துவிட்டுச் சொல்வதில்லை, பலரின் அனுபவம் ஒன்றுசேர்ந்து வந்து நின்ற இடம் அது. ஒரே அளவை ஒரே காலம் எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சுரப்பி நன்றாக இருக்கும், இன்னொருவருக்கு அசையாது. மாத்திரைக் கணக்கை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. அம்மா 5 அல்லது 4 மி.கி.க்கு வந்து, நோயும் அடங்கியிருந்தால், காலை எட்டு ஒன்பது மணிக்குள் கார்டிசோல் பார்க்கலாம். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும், முந்தைய மாத்திரை போட்டு முழுதாக 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. பிரட்னிசோலோனைச் சில ஆய்வக முறைகள் கார்டிசோல் என்று எண்ணிவிடும். மாத்திரை போட்டுவிட்டு வந்தவரின் அறிக்கை அழகாக இருக்கும், அதை நம்பி நிறுத்தினால் விழுவார். முடிவு 10 மைக்ரோகிராமுக்கு மேல் (டெசிலிட்டருக்கு) இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது, நிறுத்தலாம். 5-க்கும் 10-க்கும் இடையில் என்றால் உடல் தேவை அளவிலேயே இருந்து சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்போம். 5-க்குக் கீழே என்றால் சில மாதம் காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. மெதுவாக இறக்கி, உடலும் ஒத்துழைத்தால் அதுவே போதும்.

இறக்கும்போது அம்மா "உடம்பு சரியில்லை" என்று சொல்வார். கட்டாயம் சொல்வார். அதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும். நோய் திரும்பினால் காலையில் எழும்போது தோளும் இடுப்பும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுகிக்கிடக்கும், இரவில் புரண்டு படுக்க வலிக்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளும் பெரும்பாலும் ஏறியிருக்கும். அப்போது முன்பு நன்றாக இருந்த அளவுக்கு ஏற்றிக்கொள்வோம். சுரப்பி குறைபாடு என்றால் இறுக்கம் முன்னே வராது. சோர்வு, பசியின்மை, குமட்டல், எடை குறைதல், எழுந்தால் தலைசுற்றல் இவைதான் முன்னே வரும். மூன்றாவது, ஒவ்வொரு முறை குறைத்ததும் ஒன்றிரண்டு வாரம் வரும் உடல்வலியும் மனச்சோர்வும். அளவு போதுமானதாகவே இருக்கும், ஆனால் உடல் பழைய தாராளத்தைக் கேட்டு அடம்பிடிக்கும். தானாக அடங்கிவிடும். முதல் இரண்டும் எப்போதும் தெளிவாகப் பிரிந்து தெரியாமல் போவதுதான் சிக்கல், நேரில் பரிசோதிக்காமல் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாத நாட்கள் உண்டு. பாலிமயால்ஜியா உள்ளவருக்குப் புதிதாக நெற்றியின் பக்கவாட்டில் தலைவலி, மெல்லும்போது தாடைவலி, பார்வை மங்கல் இதில் ஒன்று வந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் கிடக்கட்டும், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களில் அழற்சி வந்தால் பார்வையே போகலாம்.

சரி, உங்கள் மூன்று பயங்களுக்கு வருவோம். மூன்றும் உண்மையானவை. ஆனால் மூன்றுமே மாத்திரையைத் தூக்கி எறிவதற்கான காரணம் ஆகாது.

சர்க்கரையில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. காலையில் போட்ட பிரட்னிசோலோன் கல்லீரலைச் சர்க்கரை உற்பத்தி செய்ய வைக்கும், தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கும். அதன் உச்சம் மதியத்திலிருந்து இரவு வரை. விடிவதற்குள் தணிந்துவிடும். ஆகவே வெறும் வயிற்றில் 96 என்று வந்து வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்த அதே ஆளுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 238 இருக்கும். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அம்மாவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள். மாத்திரை குறையும்போது சர்க்கரையும் இறங்கும். இங்கேதான் எதிர்ப்பக்கத்து ஆபத்து: 15 மி.கி. காலத்தில் கொடுத்த சர்க்கரை மருந்தோ இன்சுலினோ 5 மி.கி. காலத்துக்கு அதிகம். ஸ்டீராய்டை ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு விடியற்காலையில் வேர்த்து, கை நடுங்கி எழுவார். முன்பே சர்க்கரைக்கு அருகில் இருந்தவர்களுக்கு, நிறுத்திய பிறகும் அது முழுதாகப் போகாமல் நிற்கலாம்.

எலும்பு விஷயத்தில் காலம் நமக்கு எதிராக ஓடுகிறது. தேய்மானம் வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான். எலும்பைக் கட்டும் செல்களை ஸ்டீராய்டு அடக்குகிறது, குடலில் கால்சியம் உறிஞ்சுவதைக் குறைக்கிறது, சிறுநீரில் அதிகம் வெளியேற்றுகிறது. முதலில் அடி வாங்குவது முதுகெலும்பு. அது நொறுங்கும்போது பலருக்கு வலிகூட வராது, உயரம் குறைந்திருப்பதை வைத்துத்தான் தெரியும். அம்மாவின் பழைய உயரம் தெரிந்தால் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். மாதவிடாய் நின்ற, 67 வயதுப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு என்றால், ஆரம்பத்திலேயே எலும்பு மருந்து யோசித்திருக்க வேண்டும். உணவையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம், வைட்டமின் டி, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன், அதைப் பார்த்து வாரம் ஒரு முறை அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இவை நடந்தனவா என்று கேளுங்கள். நிறுத்தும் தேதியை விட இதுதான் அவசரம். இடுப்பு மடிப்பில் விடாத வலி வந்தாலும் சொல்லுங்கள், தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது அபூர்வம்தான், ஆனால் எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எலும்புக்காகவும் சர்க்கரைக்காகவும் இன்று நிறுத்தி, ஆறு வாரத்தில் நோய் திரும்பினால் மறுபடி மேலேயிருந்து இறங்க வேண்டியிருக்கும். 7, 6, 5 என்று இறங்கும் மூன்று மாதத்துக்கான மொத்த மாத்திரையை விட, திரும்ப 15-இல் ஆரம்பிக்கும் மூன்று மாதத்துக்கான மொத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

எதிர்ப்புசக்தியில் அளவுதான் எல்லாம். 20 மி.கி.யை வாரக்கணக்கில் எடுப்பவரின் ஆபத்தும் 7 மி.கி. எடுப்பவரின் ஆபத்தும் ஒன்றல்ல. 15 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு மாதம் போனால் உள்ளே உறங்கும் காசநோய் எழக்கூடும் என்று கவனிக்கிறோம். அக்கி எந்த அளவிலும் சற்று அதிகம். ஆனால் கிருமி வருவதைவிட எனக்குப் பெரிய கவலை, வந்த கிருமி தெரியாமல் போவது. ஸ்டீராய்டு காய்ச்சலை அடக்கும், வயிற்று வலியை மழுக்கும். அதோடு வெள்ளையணுக்களை ரத்தநாளச் சுவரிலிருந்து ரத்தத்துக்குள் இறக்கிவிடுவதால், தொற்றே இல்லாமலும் அவற்றின் எண்ணிக்கை ஏறியிருக்கும். "ஆளைப் பார்த்தால் சரியில்லை, ஆனால் காய்ச்சல் இல்லை" என்றால் காய்ச்சல் இல்லாததை நம்பாதீர்கள்.

இந்தப் பயம்தான் மிக மோசமான தவற்றுக்கும் கொண்டுபோகிறது. காய்ச்சல் வந்தால், "இது எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரையாச்சே, குணமாகும்வரை நிறுத்திவைப்போம்" என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். நல்ல சுரப்பி உள்ளவருக்குக் காய்ச்சலில் கார்டிசோல் இரண்டு மூன்று மடங்கு ஏறும். உறங்கும் சுரப்பியால் அது முடியாது. ஆகவே அந்த நாட்களில் மாத்திரையை ஏற்ற வேண்டுமே ஒழிய நிறுத்தக்கூடாது. 7 மி.கி. எடுப்பவருக்குக் காய்ச்சலில் பொதுவாகச் சொல்வது: மொத்தம் 10 மி.கி. வருமாறு, காலை 5, மாலை 5 என்று பிரித்து, குணமாகும்வரை எடுத்து, பிறகு பழைய அளவுக்கு இறங்குவது. அம்மாவுக்கான அளவை அவருடைய மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி பதினோரு மணிக்குத் தேடாதீர்கள். மாத்திரை வாந்தியில் வந்துவிட்டால் இன்னொன்று கொடுக்கலாம். அதுவும் நிற்கவில்லை என்றால், அல்லது வயிற்றுப்போக்கு நிற்காமல் போனால், ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி வேண்டும். பல்லைப் பிடுங்குவது முதல் பெரிய அறுவைசிகிச்சை வரை எதற்குப் போனாலும் ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்ல வேண்டும். முழுக்க நிறுத்திய பிறகும் ஒரு வருடம்வரை சொல்ல வேண்டும்.

நான் முதலில் சொன்ன மனிதர் திரும்ப 10 மி.கி.யில் ஆரம்பித்தார். 5-க்கு வந்ததும் பார்த்த காலைக் கார்டிசோல் 3.6. நான்கு மாதம் கழித்து 7.2. பத்தாவது மாதம் 11.4 வந்தபோதுதான் நிறுத்தினோம். சட்டைப்பையில் பர்ஸுக்குப் பின்னால் அவர் இன்னும் ஒரு அட்டை வைத்திருக்கிறார். அதில் மூன்று வரிதான்: நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர், மயங்கிக்கிடந்தால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. போடவும், மனைவியின் தொலைபேசி எண். அம்மாவுக்கும் இன்றே ஒன்று எழுதி அவர் பையில் வையுங்கள்.